அஞ்சு மாடிக்கு நாலு இன்ச் குழாய் போதுமா? டிஸ்சார்ஜ் யூனிட் வைத்துக் கணக்குப் போடும் முறை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அடுக்குமாடி. கட்டி முடித்து குடிவந்து எட்டு மாதம்தான். முதல் மாடி வீட்டுக்கார அம்மா போனில் சொன்னது இப்படி: "தம்பி, காலைல ஆறரைக்கு மேல வந்து பாரு. பாத்ரூம் நானி ட்ராப்புல தண்ணி உலை கொதிக்கிற மாதிரி பொங்குது. பொங்கி முடிச்சதும் நாத்தம் தாங்கல." போய் நின்று பார்த்தேன். மேல்மாடியில் யாரோ ஃப்ளஷ் இழுத்த சத்தம் குழாய்கள் இறங்கும் ஷாஃப்டில் கேட்டது. இரண்டு நொடி கழித்து அந்த அம்மா சொன்னபடியே ட்ராப்பில் குமிழ் வந்தது. குழாயில் அடைப்பு ஏதும் இல்லை. தண்ணீர் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. காற்றுக்குத்தான் வழியில்லை.

அந்தக் கட்டடத்தில் குழாய் அளவை யாரும் கணக்குப் போட்டு வைக்கவில்லை. "நாலு இன்ச் போட்டா போதும் சார், எல்லா இடத்துலயும் அதான் போடுறோம்" என்ற ஒரே வாக்கியத்தில் வேலை முடிந்திருந்தது. நாலு இன்ச், அதாவது 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். குழாய், பெரும்பாலான இடங்களில் போதும் என்பதும் உண்மைதான். எங்கே போதும், எங்கே போதாது, எப்போது பக்கத்தில் காற்றுக்கென்று தனி வென்ட் குழாய் வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க அரைப் பக்கக் கணக்கு இருக்கிறது. டிப்ளமோ முடித்து சைட்டுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக அதை ஒரு கட்டடத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில், செங்குத்துக் குழாய்க்குள் என்ன நடக்கிறது

நிற்கும் குழாயில் (ஸ்டாக் என்பது இதைத்தான்) தண்ணீர் குழாயை நிரப்பிக்கொண்டு இறங்குவதில்லை. கிளைக் குழாயிலிருந்து உள்ளே விழுந்ததும் சுவரில் ஒட்டிப் படலமாகச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. நடுவில் காற்று. சுவரின் உராய்வால் அதன் வேகமும் ஓரளவோடு நின்றுவிடும். ஏறக்குறைய ஒரு மாடி உயரம் விழுவதற்குள் எட்ட வேண்டிய வேகத்தை எட்டிவிடுகிறது, அதற்கு மேல் கூடுவதில்லை. "பத்து மாடியிலேர்ந்து விழுந்தா கீழ் பெண்ட் உடைஞ்சிடும்" என்று மேஸ்திரிகள் சொல்வதை நம்ப வேண்டாம்.

இறங்கும் தண்ணீர் நடுவிலிருக்கும் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. கணக்குக்கு, தண்ணீரைப் போல எட்டு மடங்கு காற்று என்று வைத்துக்கொள்ளலாம். நொடிக்கு 4 லிட்டர் தண்ணீர் இறங்கினால் நொடிக்கு 32 லிட்டர் காற்று மேலிருந்து உள்ளே வர வேண்டும். குளிக்கிற பக்கெட்டில் இரண்டு பக்கெட் காற்று, ஒவ்வொரு நொடியும். மேலே வழி அடைபட்டிருந்தால் அந்தக் காற்றைக் குழாய் வீடுகளின் ட்ராப்பிலிருந்து உறிஞ்சும். கீழே பெண்டில் தண்ணீர் திரும்பும்போது வேகம் குறைந்து மட்டம் உயர்ந்து குழாயை அடைத்தால், இழுத்துவந்த காற்று போக இடமில்லாமல் கீழ்மாடி ட்ராப் வழியாக வெளியே தள்ளும். மஞ்சக்குப்பத்தில் பொங்கியது இந்தக் காற்றுதான்.

இதையெல்லாம் தாங்கி நிற்பது ட்ராப்பில் இருக்கும் 50 மி.மீ. தண்ணீர், அதாவது நீர்ப்பூட்டு. எவ்வளவு இழுத்தாலும் தள்ளினாலும் அதில் 25 மி.மீ. மிஞ்சியிருக்க வேண்டும். குழாய் அளவு பார்ப்பதே இந்த 25 மி.மீ.யைக் காப்பாற்றத்தான். அதனால்தான் நாலு இன்ச் குழாயில் எவ்வளவு தண்ணீர் போகும் என்று கேட்டால் அட்டவணை தரும் பதில் நாம் நினைப்பதைவிடச் சின்னதாக இருக்கிறது.

எடுத்துக்கொண்ட கட்டடம்

புதுச்சேரி லாஸ்பேட்டைப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். கீழே கார் நிறுத்த ஸ்டில்ட், மேலே ஐந்து மாடி. மாடிக்கு இரண்டு வீடு, வீட்டுக்கு இரண்டு கழிவறை. நான்கு கழிவறையும் நடுவிலுள்ள ஒரே ஷாஃப்டுக்கு முதுகு காட்டி நிற்கின்றன. ஆக, ஒரு ஸ்டாக்கில் மாடிக்கு நான்கு, மொத்தம் 20 கழிவறை. சமையலறையும் துணி துவைக்கும் இடமும் வேறு ஷாஃப்டில்.

படி ஒன்று: யூனிட்டுகளை எழுதுங்கள்

ஒவ்வொரு சாதனத்துக்கும் அது எவ்வளவு வேகத்தில் கழிவை வெளியேற்றும் என்பதற்கு ஓர் எண் உண்டு. அதுதான் டிஸ்சார்ஜ் யூனிட். ஈ.என். 12056 என்ற ஐரோப்பியத் தரத்தின் இரண்டாம் பாகத்தில் இதற்கு அட்டவணை இருக்கிறது. கிளைக் குழாய் அமைப்பைப் பொறுத்து அதில் நான்கு வரிசை எண்கள் கொடுத்திருப்பார்கள். நான் முதல் வரிசையை எடுக்கிறேன். 6 லிட்டர் தொட்டி வைத்த கழிப்பறைக் கோப்பைக்கு 2.0, வாஷ் பேசினுக்கு 0.5, ஷவருக்கு 0.6, 50 மி.மீ. தரைக் கழிவுவாய்க்கு 0.8.

இங்கே நம்மூர்ப் பழக்கத்துக்காக ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஷவர் மாட்டியிருந்தாலும் நம் வீடுகளில் பாதிப்பேர் பக்கெட்டும் மக்கும் வைத்துத்தான் குளிக்கிறார்கள். கடைசியில் மிச்சத் தண்ணீரை ஒரே ஊற்றாகத் தரையில் கொட்டுவார்கள். அதனால் ஷவரின் 0.6-ஐ விட்டுவிட்டு நானி ட்ராப்புக்கு 0.8 எடுக்கிறேன். ஷவர், நானி ட்ராப் இரண்டையும் சேர்த்து எழுதாதீர்கள். இரண்டும் ஒரே தண்ணீர்.

ஒரு கழிவறைக்கு 2.0, 0.5, 0.8 மூன்றும் சேர்ந்து 3.3. ஒரு மாடிக்கு நான்கு கழிவறை, 13.2. ஐந்து மாடிக்கு 66.

படி இரண்டு: யூனிட்டை நீரோட்டமாக மாற்றுங்கள்

```
Q = K × √ΣDU
```

Q என்பது நொடிக்கு எத்தனை லிட்டர் என்பது. K என்பது பழக்கத்தைக் குறிக்கும் எண். வீடுகளுக்கு 0.5, விடுதி மருத்துவமனை போன்ற இடங்களுக்கு 0.7, பொதுக் கழிப்பிடம் மாதிரி நெரிசலான இடத்துக்கு 1.0.

```
Q = 0.5 × √66 = 4.06
```

வர்க்கமூலம் ஏன் வருகிறது என்று கேட்பார்கள். இருபது கழிவறையிலும் ஒரே நொடியில் ஃப்ளஷ் இழுக்க மாட்டார்கள் என்பதால்தான். இதில் பாதிக் கழிவறைகள் மட்டும் இருந்தால், யூனிட் 33, நீரோட்டம் 2.87. கழிவறை எண்ணிக்கை இரண்டு மடங்கானபோது நீரோட்டம் ஒன்றேகால் லிட்டர்கூடக் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த இடத்தில் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, நீரோட்டங்களைக் கூட்டுவது. இரண்டு ஸ்டாக் ஒரு சேம்பரில் சேரும்போது 2.87-ஐயும் 2.87-ஐயும் கூட்டி 5.74 என்று எழுதுவார்கள். கூட்ட வேண்டியது யூனிட்டுகளை. 33-உம் 33-உம் 66, அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் 4.06. மற்றது, இரண்டு வெவ்வேறு முறைகளின் எண்களைக் கலப்பது. நம் நாட்டு நேஷனல் பில்டிங் கோடு 2016-இன் ஒன்பதாம் பாகமும் அமெரிக்கக் கோடுகளும் ஃபிக்சர் யூனிட் என்று வேறோர் அலகு பயன்படுத்துகின்றன. அதில் ஒரு கழிவறைத் தொகுதிக்கே 5, 6 என்று வரும். அந்த எண்ணை அதற்கான அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். இந்த வர்க்கமூலச் சூத்திரத்தில் போட்டால் வருவது பொய்க்கணக்கு.

அமெரிக்க அட்டவணையில் மூன்று மாடிக்கு மேற்பட்ட நாலு இன்ச் ஸ்டாக்குக்கு 500 ஃபிக்சர் யூனிட் வரை அனுமதி. நம் 20 கழிவறைக்கு 120 போட்டாலும் கால்வாசிதான். "பார்த்தீங்களா, தாராளம்!" என்று அதை வைத்தே வாதாடுவார்கள். அந்த 500 என்பது ஒவ்வொரு ட்ராப்புக்கும் வென்ட் இணைப்பு கொடுத்திருப்பதாக வைத்துக்கொண்டு எழுதிய எண். வென்ட்டை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

படி மூன்று: ஸ்டாக் அளவு

ஐரோப்பிய அட்டவணையில் 100 மி.மீ. உள்விட்டமுள்ள ஸ்டாக்குக்கு (நம் 110 குழாய் உள்ளே ஏறக்குறைய 103 இருக்கும்) மூன்று எண்களை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். தனி வென்ட் இல்லாமல், ஸ்டாக்கையே மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் விட்டு, கிளைகள் நேர்க்கோண டீயில் சேர்ந்தால் நொடிக்கு 4.0 லிட்டர். கிளைகள் சரிந்து வளைந்து சேரும் டீயோ ஒய்யோ ஆனால் 5.2. பக்கத்தில் 50 மி.மீ. தனி வென்ட் ஓடி ஸ்டாக்கோடு இணைந்திருந்தால், நேர்க்கோண டீயிலேயே 5.6.

நம் கணக்கு 4.06. முதல் எண்ணை மயிரிழையில் தாண்டி நிற்கிறது. இப்படி ஓரத்தில் நிற்கும் கணக்கைத்தான் நான் வேண்டுமென்றே எடுத்தேன். 0.06-க்காக ஏதாவது இடிந்துவிடுமா என்றால் இடியாது. ஆனால் டீயின் கோணமும் வென்ட்டும் எவ்வளவு பெரிய வேலை செய்கின்றன என்பது தெரிகிறதல்லவா? குழாயின் விட்டத்தை மாற்றாமல் வெறும் ஃபிட்டிங்கை மாற்றினாலே கால் பங்குக்கு மேல் தாங்குசக்தி கூடுகிறது. கடையில் "டீ குடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. படத்திலேயே எழுதிவிடுங்கள்.

கட்டடத்தின் உபயோகம் மாறினால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். புதுச்சேரியில் வீடாகக் கட்டி, வார இறுதியில் வந்து தங்குபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவது சகஜம். அப்போது K 0.7 ஆகிவிடும். அதே 66 யூனிட்டுக்கு நீரோட்டம் 5.69. வென்ட் போட்ட 5.6-ஐயும் தாண்டிவிட்டது. உரிமையாளரிடம் "வாடகைக்கு விடுவீங்களா, ரூம் போடுவீங்களா" என்று கேட்காமல் நான் K எழுதுவதில்லை. ரூம் என்றால் வளைந்த டீயும் வென்ட்டும் சேர்த்துப் போட வேண்டும். அப்போது வரம்பு 7.3.

சமையலறை ஸ்டாக்கை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். வீட்டுக்கு சிங்க் 0.8, பெரிய வாஷிங் மெஷின் 1.5, ஆக 2.3. பத்து வீட்டுக்கு 23, நீரோட்டம் 2.40. வழக்கமாகப் போடும் 75 மி.மீ. குழாயின் வரம்பு 1.5 தான். எனவே 110.

படி நான்கு: ஸ்டில்ட்டில் குழாய் திரும்புகிற இடம்

மேலே சொன்னதெல்லாம் ஸ்டாக் நேராகத் தரைக்கு இறங்கினால். ஸ்டில்ட் கட்டடத்தில் எங்கே இறங்குகிறது? ஷாஃப்டுக்கு நேர் கீழே கார் நிற்கும். அதனால் முதல் மாடித் தளத்துக்கு அடியில் குழாயைத் திருப்பி, படுக்கையாகத் தொங்கவிட்டு, ஓரச் சுவர்வரை கொண்டுபோய் இறக்குவார்கள். மஞ்சக்குப்பத்தில் செய்ததும் இதுவே. முதல் மாடியின் நானி ட்ராப் சேரும் இடத்துக்கும் அந்தப் பெண்டுக்கும் இடையில் ஒன்றரை அடிதான் இருந்தது.

பெண்டில்தான் தண்ணீர் தேங்கி, காற்று அமுங்குகிறது. ஐந்து மாடி வரையுள்ள கட்டடத்தில் கடைசிக் கிளைக்கும் கீழ்ப் பெண்டின் அடிமட்டத்துக்கும் இடையே குறைந்தது முக்கால் மீட்டர் உயரம் வேண்டும் என்பது பிரிட்டிஷ் நடைமுறை. அதற்கு மேல் உயரமான கட்டடமென்றால் கீழ்த்தளத்தை ஸ்டாக்கில் சேர்க்கவே கூடாது. தளத்துக்கு அடியிலேயே திருப்பினால் இந்த முக்கால் மீட்டர் கிடைக்க வழியே இல்லை. எனவே நான் செய்வது: முதல் மாடியின் நான்கு கழிவறைகளை ஸ்டாக்கில் சேர்க்காமல், தனிக் கிளையாக ஸ்டில்ட் கூரையில் ஓட்டி, நேரே சேம்பருக்கு இறக்கிவிடுவது. வாட்ச்மேன் கழிவறையும் அப்படியே, தனியாகச் சேம்பருக்கு.

இதனால் கணக்கு மாறுகிறது, நல்ல பக்கமாக. ஸ்டாக்கில் இப்போது இரண்டு முதல் ஐந்து வரை நான்கு மாடிகள் மட்டும்.

```
ΣDU = 4 × 13.2 = 52.8
Q   = 0.5 × √52.8 = 3.63
```

3.63 என்பது 4.0-க்குள் அடங்கிவிட்டது. முதல் மாடித் தனிக் கிளைக்கு யூனிட் 13.2, நீரோட்டம் 1.82. ஆனால் இங்கே ஒரு விதி குறுக்கிடுகிறது. கணக்கில் வரும் நீரோட்டம், அந்தக் குழாயிலுள்ள மிகப்பெரிய ஒற்றைச் சாதனத்தின் யூனிட்டைவிடக் குறையக் கூடாது. ஒரே ஒரு ஃப்ளஷ்ஷே 2.0 கொண்டுவருகிறதே! அதனால் 1.82-ஐ அடித்துவிட்டு 2.0 என்று எழுத வேண்டும்.

படுக்கைக் குழாயில் அளவு பார்ப்பது வேறு மாதிரி. பாதி விட்டம்வரை மட்டுமே தண்ணீர் ஓட வேண்டும், மேல்பாதி காற்றுக்கு. நூற்றுக்கு ஒன்று சரிவில் 100 மி.மீ. குழாய் பாதி நிரம்பி ஓடினால் சுமார் 2.5 லிட்டர் போகும். நூற்றுக்கு இரண்டு சரிவு கொடுத்தாலும் சுமார் 3.5 தான். முதல் மாடிக் கிளைக்கு 2.0, ஆக 110 போதும். ஸ்டாக்கிலிருந்து திரும்பும் குழாய்க்கு 3.63, அதற்கு 110 போதாது. அங்கே 160. நூற்றுக்கு ஒன்று சரிவில் அது பாதி நிரம்பி 7 லிட்டருக்கு மேல் தாங்கும். ஒரே தண்ணீர் நிற்கும்போது 110-இல் அடங்குகிறது, படுத்ததும் 160 கேட்கிறது. இதைப் பார்த்தவுடன் "படத்தில் தப்பு" என்று சொல்லாத மேஸ்திரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

திருப்பத்தில் ஒற்றை 90 டிகிரி பெண்ட் வேண்டாம். இரண்டு 45 டிகிரி பெண்ட், நடுவில் ஒரு சாண் நேர்க்குழாய். 160-க்கு மாறுவது திருப்பத்துக்கு முன்பாக, செங்குத்தில் இருக்கும்போதே நடக்கட்டும். திருப்பத்துக்குப் பிறகு குழாய் விட்டத்தைப் போல பத்து மடங்கு தூரம்வரை, இங்கே ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல், எந்தக் கிளையையும் சேர்க்காதீர்கள். தண்ணீர் குதித்து மட்டம் உயர்வது அந்தத் தூரத்துக்குள்தான்.

சேம்பருக்குப் பிறகு தெருவுக்குப் போகும் குழாயில் எல்லாம் சேர்கிறது. கழிவறை யூனிட் 66, சமையலறை 23, வாட்ச்மேன் கழிவறை 3.3. மொத்தம் 92.3, நீரோட்டம் 4.80. அதே 160 மி.மீ., நூற்றுக்கு ஒன்று சரிவு. பாதியளவுக்கும் கீழே ஓடினாலும் கழிவை இழுத்துச் செல்லும் வேகம் இருக்கிறது. புதுச்சேரியில் சிக்கல் இந்தச் சரிவைக் கண்டுபிடிப்பதுதான். தரை சமதளம், நிலத்தடி நீர் மேலாக நிற்கும், தெருச் சேம்பரின் ஆழமும் நம் கையில் இல்லை. அதனால் கணக்கைத் தொடங்கும் முன் முதல் வேலையாகத் தெருச் சேம்பரின் மூடியைத் திறந்து அடிமட்டத்தை அளந்துகொள்ளுங்கள்.

படி ஐந்து: வென்ட் குழாய்

3.63 தான் வந்திருக்கிறதே, தனி வென்ட் தேவையா? எண்ணை மட்டும் பார்த்தால் தேவையில்லை. ஸ்டாக் கீழே நேராக இறங்கியிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஸ்டில்ட்டில் திரும்புவதால் விட மாட்டேன். அட்டவணையின் 4.0 நேராக இறங்கும் ஸ்டாக்குக்கானது.

அட்டவணை கேட்பது 50 மி.மீ. வென்ட். நான் 75 போடுகிறேன். ஸ்டாக்குக்குப் பக்கத்திலேயே மேலே போகட்டும். அதன் கால், இரண்டாம் மாடிக் கிளைக்குக் கீழே, திருப்பத்துக்கு மேலே, மேல்நோக்கிய ஒய் வழியாக ஸ்டாக்கில் சேர வேண்டும். அமுங்கும் காற்று தப்பிக்க அதுதான் வழி. ஒவ்வொரு மாடியிலும் கிளைக் குழாயிலிருந்து வென்டுக்கு ஓர் இணைப்பு. முதல் மாடித் தனிக் கிளையின் கடைசி முனையிலிருந்தும் ஓர் இணைப்பு மேலேறி இதே வென்ட்டில் சேரும். அதை மறந்தால் அந்தக் கிளையில் நான்கு கழிவறைகளும் ஒன்றையொன்று உறிஞ்சும். இணைப்புகள் அந்த மாடி வாஷ் பேசினின் விளிம்பைவிட மேலே போய்ச் சேர வேண்டும். கீழே சேர்த்தால் ஒருநாள் கிளை அடைக்கும்போது கழிவு வென்டுக்குள் ஏறிவிடும். பிறகு வென்ட் அடைபட்டது யாருக்கும் தெரியாது. எல்லா இணைப்பும் ஸ்டாக்கை நோக்கிச் சரிந்திருக்கட்டும், உள்ளே வியர்க்கும் நீர் தேங்காமல் வடியும்.

வென்டுக்கு மெல்லிய குழாய் போதும். ஐ.எஸ். 13592-இல் ஏ வகை வென்டுக்கும் மழைநீருக்கும், பி வகை கழிவுக்கு. விலை குறைவென்று ஏ வகையைக் கழிவு ஸ்டாக்கில் ஏற்றிவிடுவார்கள். குழாய் மேலேயே அச்சிட்டிருக்கும், சைட்டில் இறங்கும்போதே படித்துப் பாருங்கள்.

மொட்டை மாடியில் ஸ்டாக்கும் வென்ட்டும் அதே விட்டத்தில் வெளியே வர வேண்டும். துணி காயப்போட ஆள் போகும் மாடி என்றால் 2 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய், சுவரோடு கிளாம்ப் அடித்து நிறுத்துங்கள். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு, கிளாம்ப் இல்லாமல் ஆள் உயரத்துக்கு நிற்கும் பிளாஸ்டிக் குழாய் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த மொட்டை மாடியின் மழைநீரை ஸ்டாக்கில் விடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 150 சதுர மீட்டர் மாடியில் மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால் நொடிக்கு 4.17 லிட்டர். இருபது கழிவறை சேர்ந்து கொண்டுவந்ததைவிட அதிகம். மழைக்கு வர்க்கமூலச் சலுகையும் கிடையாது, எல்லாத் துளியும் ஒன்றாகத்தான் வரும். அதற்குத் தனிக் குழாய்.

படி ஆறு: குடிவரும் முன் சோதனை

எல்லா ட்ராப்பிலும் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். ஒரு குச்சியில் மில்லிமீட்டர் கோடு போட்டு ஒவ்வொன்றிலும் பூட்டின் ஆழத்தை அளந்து எழுதுங்கள். நானி ட்ராப்பில் பல உருப்படிகள் 50 மி.மீ. என்று சொல்லி விற்கப்பட்டு, அளந்தால் அதில் பாதிதான் இருக்கும். அவற்றை அங்கேயே மாற்றிவிடுங்கள், அதற்குமேல் எந்தக் கணக்கும் அவற்றைக் காப்பாற்றாது. பிறகு மேலுள்ள இரண்டு மாடிகளில் மாடிக்கொருவரை நிறுத்தி, போனில் "இப்ப" என்று சொல்லி ஒரே நேரத்தில் ஃப்ளஷ் இழுக்கச் சொல்லுங்கள். மூன்று முறை. நடுவில் ட்ராப்பில் தண்ணீர் சேர்க்காமல் மறுபடி அளந்தால், எங்கும் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

குறைந்திருந்தால், எந்த மாடியில் என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். மேல்மாடிகளில் 'களக்' என்ற சத்தத்தோடு தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டால் மேலே காற்று வரவில்லை. முதலில் மொட்டை மாடிக்குப் போங்கள். நாற்றம் வருகிறதென்று யாராவது குழாய் முனையிலுள்ள கவுலைக் கழற்றி மூடி போட்டிருப்பார்கள், அல்லது கவுல் வலையில் தூசும் சிலந்தியும் அடைந்திருக்கும். கீழ்மாடியில் குமிழ் பொங்கினால் காற்று கீழே வெளியேற முடியவில்லை. திருப்பத்தையும், கிளை சேரும் உயரத்தையும், வென்ட்டின் காலையும் பாருங்கள். மழை நாளில் மட்டும் பொங்கினால் தெருச் சேம்பர் நிரம்பி நம் குழாய் முங்கியிருக்கிறது என்று அர்த்தம். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையேறி ஊரே தண்ணீரில் நின்ற நாளில், ஒழுங்காகக் கணக்குப் போட்ட கட்டடங்களிலும் கீழ் ட்ராப்புகள் பொங்கின. அதைக் குழாய் அளவின் குறையாக எழுதிவிடாதீர்கள். எந்த ஃப்ளஷ்ஷும் இழுக்காமலே ஒரு வீட்டில் மட்டும் நாற்றம் என்றால், அது பிரான்சுக்குப் போன பிள்ளையோடு ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர்கள் பூட்டி வைத்திருந்த வீடாக இருக்கும். ட்ராப் காய்ந்துவிட்டது, ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் சரி.

மஞ்சக்குப்பத்தில் கடைசியில் என்ன செய்தோம் என்றால், முதல் மாடிக் கிளையை ஸ்டாக்கிலிருந்து அறுத்து, ஸ்டில்ட் கூரையில் பதினோரு மீட்டர் தனிக்குழாய் ஓட்டிச் சேம்பரில் இறக்கினோம். ஒற்றைப் பெண்டை எடுத்துவிட்டு இரண்டு 45 போட்டு, அதற்கு மேலிருந்து 75 மி.மீ. வென்ட்டை ஷாஃப்ட் வழியே ஏற்றினோம். ஒரு கார் நிற்கும் இடத்தில் தலைமட்டம் ஒரு சாண் குறைந்தது. அந்த இடத்துக்காரர் இன்றுவரை என்னைப் பார்த்தால் பேசுவதில்லை.